ரிசப்ஷனில் ஒருவரிடமே மாட்டிக்கொண்டால்: மனம் நோகாமல் நகர்வது எப்படி?

போன ஆவணியில் மதுரையில் ஒரு ரிசப்ஷன். வாசலில் கல்கண்டை எடுத்து வாயில் போட்டு நிமிர்வதற்குள் பெரியப்பா முறை ஆகிற ஒருவர் கையைப் பிடித்துவிட்டார். அரை மணி நேரம் போர்வெல் கதை. தூரத்தில் கல்லூரி நண்பர்கள் கையாட்டிக் கூப்பிட்டார்கள். "இதோ வந்துடறேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவர்களோடு சாப்பிட்டு, தாம்பூலப் பையும் வாங்கிக்கொண்டு வந்தால், பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு எனக்கு இடம் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார் மனிதர். ரெண்டு பந்தி முடிந்திருந்தது. சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டு விசேஷங்களில் பழகிப் பார்த்து எழுதுகிறேன். வணக்கம் வைப்பது, ஊர் விசாரிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. 'அப்புறம்' வரும் வரை பொறுங்கள்

கதை நடுவில் கிளம்பினால் என்ன சொன்னாலும் மரியாதைக் குறைவுதான். ஒரு விஷயம் முடிந்ததும் சின்ன மௌனம் விழும். ரெண்டு பேரும் மேடையைப் பார்ப்பீர்கள். அவர் "அப்புறம்...?" என்று இழுப்பார். அதுதான் வாசல். அங்கே நீங்களும் பதிலுக்கு "அப்புறம்?" என்று கேட்டால் அடுத்த கதை ஆரம்பம். குரலை இறக்கி "சரிங்க பெரியப்பா" என்று சொல்லுங்கள். அதே "சரி"யைக் குரல் ஏற்றிச் சொன்னால் 'மேலே சொல்லுங்கள்' என்று அர்த்தமாகிவிடும்.

உட்கார்ந்திருந்தால் முதலில் எழுந்துவிடுங்கள். கடைசி ஒரு நிமிடத்தை நின்றுகொண்டே பேசுங்கள். நாற்காலி வரிசை நடுவில் இருந்துகொண்டு விடைபெற்றால் எழுவதற்குள் இன்னொரு கதை வந்துவிடும்.

2. அவர் சொன்னதில் ஒன்றைத் திருப்பிச் சொல்லுங்கள்

"அறுநூறு அடியில தண்ணி வந்ததே பெருசு பெரியப்பா, மோட்டாரை மாத்திடுங்க." இவ்வளவு போதும். காது கொடுத்துக் கேட்டான் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

3. 'வரேன்' என்ற வார்த்தையில் கவனம்

நான் சறுக்கியது இங்கேதான். நல்ல காரியத்தில் நின்றுகொண்டு "போறேன்" என்று சொல்ல நமக்கு வாய் வராது, "வரேன்" என்போம். வீட்டு வாசலில் அது வெறும் விடைபெறுதல். மண்டபத்துக்குள்ளேயோ, நீங்கள் இன்னும் ஒரு மணி நேரம் அவர் கண்ணெதிரில்தான் சுற்றப்போகிறீர்கள். அதனால் அங்கே "வந்துடறேன்" என்பது வாக்குறுதியாகிவிடுகிறது.

எங்கே போகிறீர்கள், திரும்பி வருவீர்களா என்ற ரெண்டையும் சொல்லிவிடுங்கள். நான் இப்போது சொல்வது: "மேடையில பொண்ணு மாப்பிள்ளையப் பாத்துட்டு, அப்படியே நண்பர்களோட பந்திக்குப் போயிடுவேன். எனக்காக இருக்காம நீங்க சாப்பிட்டுடுங்க. கிளம்பறப்ப உங்களைப் பாக்காமப் போக மாட்டேன்." கடைசி வாக்கியம், நிஜமாகவே பார்க்கப் போவதாக இருந்தால் மட்டும்.

போன் வந்த மாதிரி காதில் வைப்பது எனக்குப் பிடிக்காது. நடுவில் நிஜமாகவே மணி அடித்து ஒருவன் அசடு வழிந்ததைப் பார்த்திருக்கிறேன். 'கை கழுவிட்டு வரேன்' என்பதும் வேண்டாம். "நானும் வரேன்" என்று கூடவே வருவார்கள். மேடை வரிசைதான் என் கட்சி. எல்லோரும் ஏற்க வேண்டிய காரணம், பொய்யும் இல்லை.

4. சொன்ன இடத்துக்கே முதலில் போங்கள்

மேடை என்று சொல்லிவிட்டு நாலடி தள்ளி இன்னொருவரிடம் நின்று சிரித்தால் காரியம் கெட்டது. வரிசையில் நின்று, மொய்க் கவரைக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கியபின் யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். புதிய கூட்டத்தில் நுழையும்போது ஓரமாக நின்று, சிரிப்பு அடங்கியதும் "நான் மாப்பிள்ளையோட ஆபீஸ்" என்று முறையைச் சொன்னால் அவர்களே இடம் விடுவார்கள்.

பிற்சேர்க்கை: கையைப் பிடித்துக்கொண்டே பேசுபவரிடம் என்ன செய்வது என்று ரெண்டு பேர் கேட்டிருந்தார்கள். உருவாதீர்கள். உங்கள் இன்னொரு கையை அவர் கைமேல் வைத்து விடைபெறும் வாக்கியத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலும் பிடி தானாகத் தளரும்.

இன்னொன்று: "அவர் தனியாக வந்தவர், விட்டுவிட்டுப் போக மனசில்லை" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அப்படியானால் ஆளை ஒப்படைத்துவிட்டு நகருங்கள். போன வாரம் அதே பெரியப்பாவை வேறொரு கல்யாணத்தில் பார்த்தேன். பக்கத்தில் வந்த ஒருவரைக் காட்டி, "பெரியப்பா, இவங்களும் போன மாசம்தான் போர் போட்டாங்க" என்றேன். "எத்தனை அடி?" என்று அவர் கேட்டார். நான் கிளம்பியதை ரெண்டு பேருமே கவனிக்கவில்லை.