மாலையில் மட்டும் இரைந்த ஒலிபெருக்கிப் பெட்டி: குற்றலை வோல்ற்றளவைக் கணிக்கும் முறை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் மருமகன் ஒரு சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியைத் தானே செய்து முடித்திருந்தான். பகலில் அது நன்றாகப் பாடியது. மாலை ஏழு மணிக்குப் பிறகு ஒலியைக் கூட்டினால் பாட்டுக்கு அடியில் ஒரு தடித்த இரைச்சல் சேர்ந்து வந்தது. ஒலியைக் குறைத்தால் அது மறைந்தது. “மாமா, 7805 ரெகுலேற்றருக்கு முன்னால 8.3 வோல்ற்று இருக்குது, அதுக்கு 7 இருந்தாலே போதும்தானே?” என்று பல்மானியைக் காட்டிக் கேட்டான். அளவீடு சரியானதுதான். ஆனால் பல்மானி காட்டியது சராசரியை மட்டுமே. அந்தச் சராசரிக்குக் கீழே வோல்ற்றளவு எவ்வளவு ஆழம் இறங்கி ஏறுகிறது என்பதைக் கணித்தால்தான் இரைச்சலின் காரணம் புலப்படும். அந்தக் கணிப்பை, அவனுடைய சுற்றையே எடுத்துக்கொண்டு, படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

சுற்றில் உள்ளவை

வீட்டு மின்னின் 230 வோல்ற்றை 9 வோல்ற்று ஆடலோட்டமாகக் குறைக்கும் ஒரு நிலைமாற்றி. நான்கு 1N4007 இருவாயிகளால் ஆன பாலச் சீராக்கி. அதன் பின் 1000 மைக்ரோபரட் மின்பகுப்புக் கொள்ளளவி. அதற்குப் பின் 5 வோல்ற்றைத் தரும் 7805 ரெகுலேற்றர். ஒலியை முழுதாகக் கூட்டும்போது பெட்டி 0.5 அம்பியர் எடுத்தது. இலங்கையின் வீட்டு மின் 50 ஹேட்ஸ் மீடிறன் கொண்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கணிப்பில் அது நேரடியாக வரும்.

முதற்படி: கொள்ளளவி எவ்வளவு நேரம் தனியாகச் சுமையைத் தாங்குகிறது?

பாலச் சீராக்கி ஆடலோட்டத்தின் எதிர் அரைச் சுற்றையும் மேலே புரட்டி விடுவதால், கொள்ளளவிக்கு ஒரு செக்கனில் 100 முறை உச்சம் வந்து சேர்கிறது. ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் இடையே 10 மில்லிசெக்கன் உண்டு. உச்சம் கடந்தவுடன் நிலைமாற்றியின் வோல்ற்றளவு கொள்ளளவியினதைவிடக் கீழே விழுந்துவிடுகிறது, இருவாயிகள் அடைபடுகின்றன, அடுத்த உச்சம் நெருங்கும் வரை சுமைக்கு வேண்டிய மின்னோட்டம் முழுவதையும் கொள்ளளவியே தன் ஏற்றத்திலிருந்து கொடுக்கிறது. மழைக்கு மழை நிரம்பும் தொட்டியிலிருந்து குழாயைத் திறந்தே வைத்திருப்பதைப் போல, இடைவெளி நீள நீள நீர்மட்டம் இறங்கும். இறங்கும் அந்த உயரமே குற்றலை வோல்ற்றளவு.

ஒரே ஓர் இருவாயி மட்டும் உள்ள அரை அலைச் சீராக்கி என்றால் உச்சங்கள் செக்கனுக்கு 50 மட்டுமே. இடைவெளி 20 மில்லிசெக்கனாகும். தொடக்கநிலையில் பலர் செய்யும் பிழை இங்கேதான்: பாலச் சீராக்கிக்கும் 50 ஹேட்ஸையே சூத்திரத்தில் இட்டு, விடையை இருமடங்காகப் பெற்றுவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: வோல்ற்றளவு எவ்வளவு இறங்குகிறது?

வெளியேறும் ஏற்றம் என்பது மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கக் கிடைப்பது. அதைக் கொள்ளளவத்தால் வகுத்தால் வோல்ற்றளவின் வீழ்ச்சி கிடைக்கும். நேரம் என்பது மீடிறனின் தலைகீழ் என்பதால் சூத்திரம் இவ்வாறு அமைகிறது:

```
V = I / (f × C)
V = 0.5 / (100 × 0.001) = 5
```

இங்கே `f` என்பது உச்சங்களின் மீடிறன், அதாவது 100. கொள்ளளவத்தைப் பரட்டில் எழுத வேண்டும். 1000 மைக்ரோபரட் என்பது 0.001 பரட். பூச்சியங்களை எண்ணுவதில் தடுமாற்றம் வருமாயின் இன்னொரு வழி உண்டு: மின்னோட்டத்தை மில்லி அம்பியரிலும், நேரத்தை மில்லிசெக்கனிலும், கொள்ளளவத்தை மைக்ரோபரட்டிலும் அப்படியே இட்டால் விடை நேராக வோல்ற்றில் வரும், மில்லியை மில்லியால் பெருக்கினால் மைக்ரோ ஆகி, கீழேயுள்ள மைக்ரோவுடன் சுருங்கிவிடுவதே அதற்குக் காரணம். 500 தர 10 வகுத்தல் 1000 என்பது 5 வோல்ற்று. நான் கடையில் நின்று கணக்குப் போடும்போதெல்லாம் இதைத்தான் கையாளுகிறேன்.

சுமை மின்னோட்டம் மாறாது என்று இந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. 7805 போன்ற ரெகுலேற்றர் உள்வரும் வோல்ற்றளவு ஏறினாலும் இறங்கினாலும் ஏறத்தாழ ஒரே மின்னோட்டத்தையே இழுப்பதால், நமது சுற்றுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

மூன்றாம் படி: பள்ளத்தைக் கண்டுபிடித்தல்

9 வோல்ற்று என்று நிலைமாற்றியில் எழுதியிருப்பது பயன்படு பெறுமானம். அதன் உச்சம் 1.414ஆல் பெருக்க 12.7 வோல்ற்று. பாலச் சீராக்கியில் மின்னோட்டம் எப்போதும் இரண்டு இருவாயிகளைக் கடந்தே செல்வதால் சுமார் 1.4 வோல்ற்று கழியும். கொள்ளளவியின் உச்சம் 11.3. அதிலிருந்து குற்றலை 5ஐக் கழித்தால் பள்ளம் 6.3 வோல்ற்று. 7805 தன் 5 வோல்ற்றைக் காத்து நிற்க உள்ளே சுமார் 7 வோல்ற்றாவது வேண்டும். பள்ளம் அதற்கும் கீழே போனால், செக்கனுக்கு 100 முறை வெளியீடும் ஒரு கணம் சரியும். அந்தச் சரிவுதான் ஒலிபெருக்கியில் 100 ஹேட்ஸ் இரைச்சலாகக் கேட்கிறது.

அப்படியானால் பகலில் ஏன் இரையவில்லை? சூத்திரம் சற்று மிகையான விடையைத் தருவதே காரணம். கொள்ளளவி உண்மையில் 10 மில்லிசெக்கன் முழுவதும் இறங்குவதில்லை. அடுத்த உச்சம் ஏறி வரும் வழியிலேயே இருவாயிகள் திறந்து மீண்டும் ஏற்றம் தொடங்கிவிடுகிறது. குற்றலை பெரிதாக இருக்கும்போது இந்தத் திருத்தமும் பெரிது. நமது சுற்றில் இறங்கும் நேரம் ஏறத்தாழ 7.4 மில்லிசெக்கன், எனவே உண்மையான குற்றலை 3.7 வோல்ற்று, பள்ளம் 7.6 வோல்ற்று. பகலில் சுமார் அரை வோல்ற்று மிச்சத்தில் சுற்று பிழைத்துக்கொண்டிருந்தது. மாலையில் வீட்டு மின்னை அளந்தபோது 210 வோல்ற்றே இருந்தது. அப்போது உச்சம் 11.6, இருவாயிகளுக்குப் பின் 10.2, குற்றலையோ மாறவில்லை, ஏனெனில் அதைத் தீர்மானிப்பது வீட்டு மின்னின் உயரம் அன்று, சுமை மின்னோட்டமே. பள்ளம் 6.5க்கு இறங்கிவிட்டது. ஒலியைக் குறைத்தபோது இரைச்சல் மறைந்ததும் இதனால்தான்: மின்னோட்டம் 0.1 அம்பியரானால் சூத்திரத்தின்படியே குற்றலை 1 வோல்ற்றுதான்.

நான்காம் படி: அளந்து உறுதிப்படுத்தல்

அலைவுகாட்டி இருந்தால் பள்ளத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். இல்லாவிட்டாலும் பல்மானி போதும். நேரோட்ட அளவில் கிடைப்பது சராசரி: மாலையில் மருமகன் கண்ட 8.3. அதே இரு முனைகளில் பல்மானியை ஆடலோட்ட அளவுக்கு மாற்றி வைத்தபோது 1.1 வோல்ற்று காட்டியது. குற்றலை ஏறத்தாழ முக்கோண வடிவம் என்பதால் அந்த எண்ணை 3.5ஆல் பெருக்கினால் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட உயரம், ஏறத்தாழ 3.8, கிடைக்கும். அதில் பாதியைச் சராசரியிலிருந்து கழித்தால் பள்ளம் 6.4. கணிப்பும் அளவீடும் ஒத்துப்போயின.

ஓர் எச்சரிக்கை: மலிவான சில பல்மானிகள் ஆடலோட்ட அளவில் நேரோட்டத்தைத் தடுப்பதில்லை. ஒரு 9 வோல்ற்று மின்கலத்தை ஆடலோட்ட அளவில் அளந்து பாருங்கள். பூச்சியத்துக்குப் பதிலாக, முனைகளை ஒரு விதமாக வைத்தால் 20 போன்ற பெரிய எண்ணும் மாற்றி வைத்தால் பூச்சியமும் வருமாயின், உங்கள் பல்மானி அந்த வகை. அதன் ஒரு முனையோடு 1 மைக்ரோபரட் முனைவற்ற கொள்ளளவி ஒன்றைத் தொடராக இணைத்து அளந்தால் நேரோட்டம் தடைபட்டுக் குற்றலை மட்டும் உள்ளே போகும்.

ஐந்தாம் படி: புதிய கொள்ளளவியைத் தெரிவு செய்தல்

இங்கே சூத்திரத்தின் மிகையான விடை நமக்கு நன்மையே. அதன் பிழை பாதுகாப்பான பக்கத்திலேயே விழுகிறது. வீட்டு மின் 210 ஆக இருக்கும்போதும் பள்ளம் 7க்கு மேலே நிற்க வேண்டும், மேல்மட்டம் 10.2, ஆகவே குற்றலை 3.2ஐத் தாண்டக் கூடாது. 500 தர 10 ஆகிய 5000ஐ 3.2ஆல் வகுத்தால் 1560 மைக்ரோபரட் என்று வருகிறது. மின்பகுப்புக் கொள்ளளவிகள் பொதுவாக எழுதியிருப்பதைவிட 20 சதவீதம் வரை குறைந்திருக்கலாம் என்பதால், 1560ஐ 0.8ஆல் வகுத்து 1950 என்று வைத்து, அதற்கு மேலுள்ள வழக்கமான பெறுமானமான 2200ஐ எடுத்தோம். அது 1760 ஆகக் குறைந்திருந்தாலும் குற்றலை 2.8, பள்ளம் 7.4.

10,000 மைக்ரோபரட்டையே போட்டுவிடலாமே என்று தோன்றும். குற்றலை சிறுக்கச் சிறுக்க, இருவாயிகள் திறந்திருக்கும் நேரமும் குறுகுகிறது. அதே ஏற்றம் அந்தக் குறுகிய நேரத்தில் உள்ளே நுழைய வேண்டும். 2200க்கு அந்த நேரம் ஒன்றே முக்கால் மில்லிசெக்கன். அதற்குள் பாயும் மின்னோட்டம் சராசரியாக 3 அம்பியர் அளவு. 10,000க்கு அது ஏறத்தாழ இருமடங்கு. நிலைமாற்றியின் கம்பித் தடை இதைச் சற்று மட்டுப்படுத்தினாலும், சூடாவதும் அந்தக் கம்பிதான். தேவைக்கு மேல் பெரிதாக்குவதை நான் விரும்புவதில்லை.

கொள்ளளவியின் வோல்ற்றளவையும் பாருங்கள். சுமையற்ற சிறு நிலைமாற்றி எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகத் தரும். 9 என்பது 11ஐ நெருங்கினால் உச்சம் 15ஐத் தாண்டும். 16 வோல்ற்றுக் கொள்ளளவி அதற்குப் போதாது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்கும்போது “2200, 25 வோல்ற்று கெப்பாசிட்டர்” என்று இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மாற்றுவதற்கு முன் செருகியைக் கழற்றி, 1 கிலோ ஓம் அரை வாற்றுத் தடையி ஒன்றைப் பழைய கொள்ளளவியின் இரு முனைகளுக்கும் குறுக்கே பிடித்து, கால் நிமிடம் விட்டு, பல்மானியில் பூச்சியம் கண்ட பின்பே கையை வைக்க வேண்டும். புதியதன் எதிர் முனை அடையாளக் கோட்டைச் சுற்றின் எதிர் முனையின் பக்கமே வையுங்கள். மாற்றிப் பூட்டினால் அது சூடாகி வெடிக்கும்.

மாற்றிய பின் அன்று மாலையே ஆடலோட்ட அளவில் அளந்தோம்: 0.5 வோல்ற்று. ஒலியை முழுதாகக் கூட்டியும் இரைச்சல் இல்லை. பின்னொரு நாள் உங்கள் சுற்றில் இந்த எண் திடீரென்று இருமடங்காகி, இரைச்சலின் சுருதியும் ஒரு ஸ்தாயி தாழ்ந்து கேட்டால், கொள்ளளவியைச் சந்தேகிக்க வேண்டாம். பாலத்தில் ஓர் இருவாயி திறந்துபோய், சீராக்கி அரை அலையாகி, `f` 100இலிருந்து 50 ஆகியிருக்கும். மின்னை நிறுத்தி, கொள்ளளவியை முன்போல வெறுமையாக்கி, நான்கு இருவாயிகளையும் பல்மானியின் இருவாயி அளவில் ஒவ்வொன்றாகப் பாருங்கள், முன்பக்கமாக 0.6 வோல்ற்றுக் கிட்டக் காட்டாததைக் கழற்றித் தனியே அளந்து, பழுதென்றால் மாற்றிவிடுங்கள்.