கடனில் நிற்கும் காசு

ஓராண்டுக்குள் காசாகும் சொத்தை ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடனால் வகுத்தால் வருவது நடப்பு விகிதம். அது 2 வந்தாலும், தோட்டத்து மளிகைக் கடையில் பாக்கி வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்னும் வசூல் நாளையும் சேர்த்துப் பாருங்கள். கடன் எழுதி வைக்கும் 555 புத்தகத்தில் நிற்கும் பாக்கியை ஆண்டுக் கடன் விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் வசூல் நாள் கிடைக்கும்.

ரொக்கம் 2,000, சரக்கு 10,000, வர வேண்டிய பாக்கி 24,000 ரிங்கிட். ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது 18,000. விகிதம் 2, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கடன் விற்பனை 1,46,000 என்றால் வசூலுக்கு 60 நாள் ஆகிறது. மொத்த வியாபாரி 30 நாளில் பணம் கேட்டால் கையில் காசு இருக்காது. வராத பாக்கியும் சொத்தாகவே கணக்கில் ஏறுவதால் விகிதம் இதைக் காட்டாது. மாதச் சம்பளக்காரர்களிடம் 60 நாள் என்பது, என் கணிப்பில், ஒரு சம்பள நாளாவது தவறியதன் அடையாளம்.

ரொக்க விற்பனையைச் சேர்த்து வகுத்தால் நாள் குறைந்து ஏமாற்றும். தீபாவளியை ஒட்டிக் கடன் ஏறும்போது இந்தக் கணக்கு சரிவராது.