கோழிக்கூண்டில் உடும்பும் கீரியும் நுழையாதிருக்க

முட்டைகள் ஓடுகூட மிஞ்சாமல் மறைந்து, மண்ணில் வால் இழுபட்ட கோடும் அதன் இருபுறமும் நகத்தடங்களும் தெரிந்தால், வந்தது உடும்பு. கழுத்தில் கடிபட்ட கோழி கிடந்தால் கீரியைச் சந்தேகிக்கலாம். இரண்டும் பெரும்பாலும் பகலில் வருவதால், இரவில் மட்டும் கூண்டைப் பூட்டுவது போதாது.

அரை அங்குலக் கண்ணுள்ள உறுதியான கம்பிவலையைக் கூண்டைச் சுற்றி அடித்து, அதன் கீழ்விளிம்பை வெளிப்புறமாக மடித்து, ஒன்றரை அடி அகலத்துக்குத் தரையில் பரப்பி மண்ணால் மூடிவிடுங்கள். சுவரையொட்டியே தோண்டத் தொடங்கும் விலங்கு, நகம் வலையில் தட்டியதும் பெரும்பாலும் முயற்சியைக் கைவிட்டுவிடும். வழக்கமான அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, கீரியை வெளியே நிறுத்தாது. உடும்பு நன்றாக ஏறும் என்பதால் மேற்புறத்தையும் மூட வேண்டும்.

விலங்கு உள்ளே சிக்கியிருந்தால், மூலையில் மடக்காமல், கதவைத் திறந்துவைத்து விலகி நில்லுங்கள், மிரண்டால் கடிக்கும்.