வெளிநாட்டு வேலைக்குப் போனபின் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவைக்கும் தவறு

ஈரோட்டுக்கும் பெருந்துறைக்கும் இடைப்பட்ட ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. வங்கிக் கிளையில் நான் பணிபுரிந்த காலத்தில், அப்படிப் போனவர்களின் தகப்பனார்கள் பாஸ்புக்குடன் வந்து கவுண்டரில் நின்று கேட்ட கேள்வி ஒன்று இன்றும் காதில் ஒலிக்கிறது: "ஏனுங்க, கணக்கு நல்லாத்தானே ஓடிட்டு இருக்குதுங்க, அதைப் போய் எதுக்குங்க மாத்தோணும்?" கணக்கு ஓடுவது உண்மைதான், ஆனால் அது சட்டத்துக்குப் புறம்பாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் பொறுமையாகச் சொல்லியிருக்கவில்லை.

பலருக்குக் குழப்பம் தொடங்கும் இடம் 182 நாள் கணக்கு. "இந்த வருஷம் பாதிக்கு மேல் இங்கேதான் இருந்தேன், அதனால் நான் இன்னும் உள்நாட்டவன்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் வருமான வரிச் சட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு. வங்கிக் கணக்கை ஆளுவதோ 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா. வெளிநாட்டில் வேலையில் சேர்வதற்காக ஒருவர் நாட்டை விட்டுப் புறப்பட்டால், அதற்கு முன் எத்தனை நாள் இங்கே இருந்திருந்தாலும், புறப்பட்டதிலிருந்தே அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்று அந்தச் சட்டம் கொள்கிறது. ஒப்பந்தம் இரண்டே ஆண்டுதான் என்பதும், திரும்பி வந்துவிடும் எண்ணம் உறுதியாக இருப்பதும் இதை மாற்றுவதில்லை.

ஒருவரை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு பட்டறையில் இருந்தவர், அக்டோபர் 12ஆம் தேதி சார்ஜாவுக்கு வேலைக்குப் போகிறார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எண்ணினால் 182 நாட்களுக்கு மேல் இந்தியாவில் இருந்துவிட்டதால், அந்த நிதியாண்டில் வருமான வரிக்கு அவர் உள்நாட்டவரே. சார்ஜாவில் வாங்கிய சம்பளத்தையும் அந்த ஆண்டின் வரிக் கணக்கில் காட்ட வேண்டும். ஃபெமாவின்படியோ அதே அக்டோபரிலேயே அவர் வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிவிடுகிறார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. தன் நிலை மாறியதை வங்கிக்குத் தெரிவித்து, சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவரின் உள்நாட்டுப் பணத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ளும் பொறுப்பு கணக்குதாரருடையது. வங்கி கடிதம் போடட்டும் என்று காத்திருப்பது முதல் தவறு. விதிமீறல் என்று வந்துவிட்டால், தொகையைக் கணக்கிட முடிகிறபோது அதைப்போல் மூன்று மடங்கு வரையிலும், முடியாதபோது இரண்டு லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அடுத்தது, தெரிந்தே செய்யப்படும் தவறு. நம்மவருக்கு அந்த வங்கியில் 7 சதவீத வட்டியில் ஆறு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை இருக்கிறது என்று கொள்வோம். ஆண்டு வட்டி 42,000 ரூபாய். கணக்கு என்.ஆர்.ஓ. ஆனதும் வங்கி அந்த வட்டியில் 31.2 சதவீதத்தை, அதாவது 13,104 ரூபாயைப் பிடித்தம் செய்யும். சேமிப்புக் கணக்கின் சிறு வட்டிக்கும் முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம் உண்டு. பிடிக்க வேண்டாம் என்று உள்நாட்டவர் கொடுப்பதுபோல் படிவம் கொடுக்கவும் முடியாது. இதைக் கேள்விப்பட்டதும், மாற்றாமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்பவர்கள் பலர். அவர்களின் பதற்றம் எனக்குப் புரிகிறது, ஆனால் பிடித்தம் என்பது கடைசி வரி அல்ல. வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும் ஆண்டில் அவருக்கு இந்தியாவில் இந்த 42,000 ரூபாய் மட்டுமே வருமானம் என்றால் அது வரி வரம்புக்குள் வராது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் 13,104 ரூபாயும் திரும்பக் கிடைக்கும். ஐக்கிய அரபு அமீரகத்துடனான வரி ஒப்பந்தத்தின்படி, அங்கே வசிப்பதற்கான வரிச் சான்றிதழை வங்கியில் கொடுத்தால், பிடித்தத்தையே 12.5 சதவீதமாக, அதாவது 5,250 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இவற்றைவிடப் பெரிய இழப்பு, வெளிநாட்டுச் சம்பளத்தைப் பழைய கணக்குக்கே அனுப்புவதில் இருக்கிறது. சேமிப்புக் கணக்கு மாறினால் என்.ஆர்.ஓ. ஆக மட்டுமே மாறும், வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கான என்.ஆர்.இ. கணக்கைத் தனியாகப் புதிதாகத் தொடங்க வேண்டும், அதையும் அவரே தொடங்க வேண்டும், அதிகாரப் பத்திரம் வைத்திருக்கும் தகப்பனார் தொடங்க முடியாது. என்.ஆர்.இ. கணக்கில் சேரும் சம்பளப் பணத்தின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை; அசலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம். அதே சம்பளம் பழைய கணக்கில் விழுந்தால் வட்டிக்கு வரி வருகிறது. பிறகு கணக்கு என்.ஆர்.ஓ. ஆன பின்னும், அங்கிருந்து வெளியே அனுப்பவோ என்.ஆர்.இ.க்கு மாற்றவோ வரிக் கணக்குச் சான்றுகள் கொடுத்தாக வேண்டும், நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்ற வரம்பும் இருக்கிறது. வரம்பு நம் ஆட்களுக்குப் பொருட்டல்ல. சான்றுகளுக்காக ஆடிட்டரிடம் அலைவதுதான் சுமை.

நம் பக்கத்துக் குடும்பங்களில் மட்டும் அதிகம் பார்த்த ஒன்று, மகனும் தகப்பனாரும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு. ஈரோடு சந்தையில் மஞ்சள் விற்ற பணம், பால் சொசைட்டிப் பணம் எல்லாம் அதில்தான் வரும். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இருக்கும். மகன் பெயரை முதலில் கொண்ட அந்தக் கணக்கு என்.ஆர்.ஓ. ஆனால், உள்நாட்டில் இருப்பவர் இரண்டாம் பெயராகத் தொடரலாம், ஆனால் முதல் பெயருக்குரியவரின் காலத்துக்குப் பின்னரே அவருக்கு உரிமை வரும். இருவரும் எடுக்கலாம் என்ற ஏற்பாடு அத்துடன் நின்றுவிடும். அதிகாரப் பத்திரம் இருந்தால் உள்ளூர்ச் செலவுகளுக்கு எடுக்கலாம். மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டிய நாளில் இது தெரியவந்து, காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் கிளையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மகன் புறப்படுவதற்கு முன்பே தகப்பனார் பெயரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, மஞ்சள் பணமும் பால் பணமும் அதில் வரும்படி மாற்றிவிட வேண்டும். மகன் பெயரிலேயே நிலம் இருந்தால் அதன் வருமானம் என்.ஆர்.ஓ. கணக்கில் வரலாம், என்.ஆர்.இ.யில் உள்ளூர்ப் பணத்தை நேரடியாகப் போடக்கூடாது.

மாற்றுவது கடினமான வேலை அல்ல. பாஸ்போர்ட், விசா அல்லது வேலை அனுமதி, வெளிநாட்டு முகவரிச் சான்று, பான் அட்டை, புகைப்படம், எந்த நாட்டில் வரி செலுத்துகிறார் என்ற உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்பார்கள். ஊரில் இருக்கும்போதே கிளைக்குப் போய்க் கேட்டு வைத்துக்கொண்டால், அங்கிருந்து நகல்களுக்குத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்று பெற்று அனுப்பும் சிரமம் குறையும். சில வங்கிகளில் கணக்கு எண் மாறும். அப்படி மாறினால் வீட்டுக்கடன் தவணையும் எல்.ஐ.சி. பிரீமியமும் தானாகப் போவது நின்றுவிடும் என்பதால், புதிய எண்ணில் அவற்றை மறுபடி பதிந்துகொள்ள வேண்டும். மாற்றம் நடந்துவிட்டதா என்று உறுதிசெய்ய, ஸ்டேட்மென்டில் கணக்கின் வகை என்.ஆர்.ஓ. என்று இருக்கிறதா, அடுத்த வட்டி வரவில் வரி பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிளையில் மாற்றிவிட்டு, சத்தியமங்கலத்திலோ கோபியிலோ கல்லூரிக் காலத்தில் தொடங்கிய இன்னொரு கணக்கை மறந்துவிடுபவர்கள் அதிகம்; அதுவும் அதே விதிக்கு உட்பட்டதுதான்.