இரண்டாம் வித்தியாசத்திலிருந்து விதி காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

5, 12, 23, 38, 57 என்ற தொடர்வரிசையை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த உறுப்புகளைக் கழித்தால் முதல் வித்தியாசங்கள் 7, 11, 15, 19 என்றும், அவற்றை மீண்டும் கழித்தால் இரண்டாம் வித்தியாசங்கள் 4, 4, 4 என்றும் கிடைக்கின்றன. இரண்டாம் வித்தியாசம் மாறாமல் இருப்பதால் விதி an² + bn + c என்ற இருபடி வடிவில் இருக்கும் என்பது வரை பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை.

அதற்கு அடுத்த வரியில்தான் மிகப் பரவலான தவறு நேர்கிறது: இரண்டாம் வித்தியாசம் 4 என்பதால் விதி 4n² என்று தொடங்கும் என எழுதிவிடுகிறார்கள். 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களையே சோதித்தால் காரணம் விளங்கும். அவற்றின் முதல் வித்தியாசங்கள் 3, 5, 7, இரண்டாம் வித்தியாசம் 2. கெழு 1 ஆக இருக்கும்போதே இரண்டாம் வித்தியாசம் 2 வருவதால், n²-இன் கெழு எப்போதும் இரண்டாம் வித்தியாசத்தில் பாதிதான். இங்கே அது 2. பாதியாக்க மறந்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பதும் எளிது: உறுப்புகளிலிருந்து 4n²-ஐக் கழித்தால் 1, −4, −13, −26 என்று மிஞ்சுகிறது, அதன் வித்தியாசங்கள் −5, −9, −13 எனச் சீராக இல்லை. சரியான கெழுவைக் கழித்திருந்தால் மிச்சத்தின் முதல் வித்தியாசம் மாறிலியாகவே இருக்க வேண்டும்.

2n²-இன் மதிப்புகளான 2, 8, 18, 32, 50 ஆகியவற்றைக் கழித்தால் 3, 4, 5, 6, 7 மிஞ்சுகின்றன. இங்கே அவசரப்படுபவர்கள் முதல் மிச்சமான 3-ஐ மட்டும் பார்த்து 2n² + 3 என்று முடித்துவிடுகிறார்கள். n = 1 இட்டால் 5 சரியாகவே வருவதால் இத்தவறு எளிதில் கண்ணில் படாது; n = 2 இட்டால் 12-க்குப் பதில் 11 வரும். ஆகவே முதல் உறுப்பை வைத்துச் சரிபார்ப்பது எனக்குச் சரிபார்ப்பாகவே தோன்றுவதில்லை. மிச்சமும் ஒரு தொடர்வரிசை. அதன் விதி n + 2 என்பதால், முழு விதி 2n² + n + 2. (எண்ணிக்கையை n = 0 இலிருந்து தொடங்கினால் இதே உறுப்புகளுக்கு 2n² + 5n + 5 என்ற விதி கிடைக்கும்; எங்கிருந்து தொடங்கினோம் என்பதைக் குறிப்பிடாவிட்டால் இரண்டில் எது சரி என்று சொல்லவே முடியாது.)

குறைந்த உறுப்புகளை நம்புவது இன்னொரு தவறு. மூன்று உறுப்புகளுக்கு ஒரேயொரு இரண்டாம் வித்தியாசம்தான் உண்டு என்பதால், அது மாறவில்லை என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. 1, 2, 4 என்பதற்கு இருபடி விதியின்படி அடுத்த உறுப்பு 7; இரட்டித்துக்கொண்டே போகும் விதியின்படி 8. கொடுக்கப்பட்ட மூன்று எண்களும் இரண்டு விதிகளுக்கும் ஒருங்கே பொருந்துகின்றன. நான்கு உறுப்புகள் இருந்தால் ஒப்பிட இரண்டு இரண்டாம் வித்தியாசங்களாவது கிடைக்கும். ஐந்து இருந்தால் இன்னும் நல்லது. அப்போதும் வித்தியாச அட்டவணை காட்டுவது கையில் உள்ள உறுப்புகளுக்குப் பொருந்தும் மிக எளிய விதியை மட்டுமே; தொடர்வரிசை எப்படி உருவானது என்று தெரியாமல், அடுத்த உறுப்பும் அதே விதிக்குக் கட்டுப்படும் என்று உறுதிகூற முடியாது.