ஓடோமீட்டர் போட்டோவும் பங்க் போட்டோவும் போதும்: பயணச் செலவு, மைலேஜ் கணக்கு

மதுரையிலிருந்து கொடைக்கானல் போய்த் திரும்பும் ஒரு பெட்ரோல் காரை வைத்துக் கணக்குப் போடுவோம்.

முதலில் கிளம்பும்போது டேங்க்கை ஃபுல் பண்ணுங்கள். நாசில் தானாக 'டக்' என்று நின்றதும் போதும், அதற்கு மேல் ரவுண்டாக்கச் சொல்லாதீர்கள். உடனே ஓடோமீட்டரைப் போட்டோ எடுங்கள். திரையில் ODO என்று இருக்கிறதா என்று பாருங்கள், TRIP என்று இருந்தால் அது வேறு எண். நம் போட்டோவில் 48316. இப்போது போட்ட பெட்ரோலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். அது இதற்கு முன்னால் ஓட்டியதில் காலியான இடத்தை நிரப்பியது, இந்தப் பயணத்தில் எரிவதை இனிமேல் போடும் பெட்ரோல்தான் காட்டும்.

வழியில் வத்தலக்குண்டில் 500 ரூபாய்க்குப் போட்டால் அதையும் படம் எடுங்கள்: 4.93 லிட்டர். திரும்பி வந்ததும் முடிந்தால் அதே பங்க்கில், அதே பம்பில், மறுபடி ஃபுல். ஓடோமீட்டர் 48578, பம்பில் 12.31 லிட்டர், 1249.47 ரூபாய், விலை 101.50. அடுத்த வண்டிக்கு நாசிலை எடுத்தால் எண்கள் பூஜ்யமாகிவிடும், அதற்குள் போட்டோ எடுத்துவிட வேண்டும். பம்ப் அருகே போனை எடுக்க விடவில்லை என்றால் அச்சடித்த பில்லைக் கேட்டு வாங்கி, வெளியே வந்து அதைப் படம் எடுங்கள்.

சரி, கணக்கு:

```
தூரம்    = 48578 - 48316    = 262 கி.மீ.
பெட்ரோல் = 4.93 + 12.31     = 17.24 லிட்டர்
செலவு    = 500 + 1249.47    = 1749.47 ரூபாய்
மைலேஜ்   = 262 / 17.24      = 15.2 கி.மீ./லி.
கி.மீ.க்கு = 1749.47 / 262   = 6.68 ரூபாய்
```

ஊருக்கு ஊர் விலை மாறும், அதனால் லிட்டரைத் தனியாகவும் ரூபாயைத் தனியாகவும் கூட்டுங்கள்.

போட்டோவை நம்புவதற்கு முன் ஒரு சோதனை. சில பம்புகளில் எண்கள் விட்டு விட்டு ஒளிர்வதால், வேகமாக எடுத்த படத்தில் ஒரு கோடு விழாமல் 8 என்பது 6 போலத் தெரியலாம், புள்ளியும் காணாமல் போகலாம். லிட்டரை விலையால் பெருக்கிப் பாருங்கள்: 12.31 × 101.50 = 1249.47, திரையில் உள்ள தொகையோடு பொருந்துகிறது. அதையே 12.91 என்று படித்திருந்தால் 1310 வந்திருக்கும், அப்போதே பிடிபட்டுவிடும். ஓடோமீட்டருக்கு இந்த வசதி இல்லை, அதை இரண்டு படமாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சக்கர மீட்டரில் கடைசி எண் வேறு நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் கி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு, அதைச் சேர்த்துப் படித்தால் தூரம் பத்து மடங்காகிவிடும்.

டேங்க் இரண்டு முறையும் ஒரே அளவுக்கு நிரம்பும் என்று சொல்ல முடியாது. அரை லிட்டர் முன்னே பின்னே ஆனால் நம் 15.2 என்பது 14.8 ஆகவோ 15.7 ஆகவோ மாறும், பரவாயில்லை. ஆனால் 20 கி.மீ. மட்டும் ஓட்டிவிட்டு இதைச் செய்தால் எரிந்ததே ஒன்றேகால் லிட்டர் சொச்சம்தான், அதில் அரை லிட்டர் பிசகினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.