தனிமொழியில் அடைப்புக்குறிகளை முதலில் வாசியுங்கள்

இலங்கையின் அட்டனில் ஒரு தேயிலைத் தோட்டத்து நாடகக் குழு, திருத்தச் சொல்லி ஒரு தனிமொழியைக் கொடுத்தது. கொழுந்து எடுக்கும் அம்மா ஒருவர், இந்தியா போன அண்ணனை நினைத்து இரண்டு பக்கம் பேசுகிறார்.

முதலில் வசனத்தை விட்டுவிட்டு அடைப்புக்குறிக்குள் இருந்ததை மட்டும் வாசித்தேன். "(பல வருட ஏமாற்றம் மனதில் ஓடுகிறது)" என்று ஓரிடத்தில் இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? "(கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து இறக்குகிறார், யோசித்து, மறுபடி மாட்டிக்கொள்கிறார்)" என்று மாற்றினோம். இதை நடிகை செய்துவிடலாம்.

அடுத்தது, "1964 ஒப்பந்தப்படி நீ இந்தியா போனாய், நான் இங்கேயே தங்கினேன்" என்ற வரி. அண்ணனுக்கே தெரிந்ததை அவரிடமே சொல்வானேன்? இது சபைக்கு நடத்தும் பாடம். "தலைமன்னார்ல கப்பல் ஏறுறப்ப நீ குடுத்த தகரப்பெட்டி, அண்ணே, இன்னும் தொறக்கல" என்றதும் பிரிவு தானாகவே வந்துவிட்டது. ஆண்டு போனது போகட்டும்.

பிறகு ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் அதன் உணர்ச்சியை ஒரே சொல்லில் எழுதினேன். அழுகை, அழுகை, அழுகை. கொழுந்தின் எடை குறைந்ததற்காக அரைப் பேர் போட்ட, அதாவது அரைநாள் சம்பளம் மட்டும் கொடுத்த, கதையை நடுவில் சிரித்துக்கொண்டே சொல்லவைத்தோம். சிரிப்பு பாதியில் நிற்கும் இடத்தில்தான் அவர் பெட்டியைத் தொடுகிறார்.